பத்துப் புள்ளிகளும் பத்து லட்சமும்

மெஷின் லேர்னிங் வகுப்பின் தொடக்கத்திலேயே ஒரு படம் வரும். கிறிஸ்டோபர் பிஷப் 2006-ல் எழுதிய பாடநூலின் முதல் அத்தியாயத்தில் உள்ள படம். ஏறி இறங்கும் ஒரு சைன் அலை. அதன் மேலும் கீழுமாகச் சற்றே விலகி நிற்கும் பத்துப் புள்ளிகள். எதை அளந்தாலும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும் பிசிறுதான் அந்த விலகல். அலையை மறைத்துவிட்டு, புள்ளிகளை மட்டும் கணினியிடம் கொடுத்து, இவற்றுக்குப் பொருந்தும் கோட்டைப் போடு என்கிறோம்.

நேர்கோடுதான் போடலாம் என்று கட்டிவைத்தால், பாவம், அதனால் வளைய முடியாது. கண்ணெதிரே இருக்கும் புள்ளிகளிலேயே பிழை அதிகம். இது அண்டர்ஃபிட்டிங். x-ன் மூன்றாம் அடுக்கு வரை அனுமதித்தால், வரும் வளைகோடு மறைத்துவைத்த அலையோடு ஏறக்குறைய ஒட்டி ஓடுகிறது. ஒன்பதாம் அடுக்கு வரை போனால் பத்துப் புள்ளிகளையும் குறி தவறாமல் தொட்டுவிடுகிறது, பிழை பூஜ்யம். ஆனால் புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே, குறிப்பாக இரண்டு ஓரங்களிலும், கோடு தறிகெட்டு மேலும் கீழும் பாய்கிறது. பத்துப் புள்ளி, இஷ்டப்படி மாற்றிக்கொள்ள பத்து எண்கள். பிசிறையும் சேர்த்தே பிடித்துக்கொண்டது. இதுதான் ஓவர்ஃபிட்டிங்.

அந்தப் பத்து எண்களையும் பிஷப் அட்டவணையாகவே கொடுத்திருக்கிறார். படத்தைவிட எனக்குப் பிடித்தது அந்த அட்டவணைதான். மூன்றாம் அடுக்குக் கோட்டில் மிகப் பெரிய எண்ணே சுமார் 25. ஒன்பதாம் அடுக்கில் ஒன்று மைனஸ் 10 லட்சத்தைத் தாண்டுகிறது, அதற்கு அடுத்தது பிளஸ் 10 லட்சத்தைத் தாண்டுகிறது. ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்து, ஒன்றுக்கும் மைனஸ் ஒன்றுக்கும் இடையில் ஆடும் ஒரு சின்ன அலைக்காக இவ்வளவு மல்லுக்கட்டு!

இப்போது அதே அலையிலிருந்து வேறு பத்துப் புள்ளிகள் எடுப்போம். பிறகு இன்னொரு பத்து. நேர்கோடு ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் வந்து நிற்கும், அதே விதமாகத் தப்பாக. இந்த மாறாத தப்புதான் பயாஸ். ஒன்பதாம் அடுக்குக் கோடோ ஒவ்வொரு முறையும் வேறு முகம் காட்டும். இந்த அலைச்சல்தான் வேரியன்ஸ். கோட்டுக்கு வளைய இடம் கொடுக்கக் கொடுக்க முதலாவது குறையும், இரண்டாவது கூடும். மொத்தப் பிழை எங்கே குறைவு என்பதுதான் தேடல்.

இரண்டுக்கும் மருந்து வேறு. 100 புள்ளிகள் கொடுத்தால் அதே ஒன்பதாம் அடுக்குக் கோடு அடங்கி அலையோடு ஓடத் தொடங்குகிறது. நேர்கோட்டுக்கு 100 என்ன, ஆயிரம் கொடுத்தாலும் அது நேர்கோடுதான். தரவு போதவில்லை என்று மாதக்கணக்கில் சேகரித்த பிறகு, நோய் பயாஸ் என்று தெரியவந்தால் உழைப்பெல்லாம் வீண்.

நிஜ வாழ்க்கையில் ஒப்பிட்டுப் பார்க்க அலை கையில் இருக்காது. அதற்குத்தான் கிராஸ் வேலிடேஷன். அந்த 100 புள்ளிகளைக் கலைத்து, இருபது இருபதாக ஐந்து கூறு போடுங்கள். ஒரு கூற்றை ஒளித்துவைத்து, மற்ற 80 புள்ளிகளை வைத்துக் கோடு போட்டு, ஒளித்த இருபதில் பிழையை அளக்க வேண்டும். ஒவ்வொரு கூறும் ஒருமுறை ஒளியும்படி ஐந்து தடவை செய்து சராசரி எடுத்தால், எந்த அடுக்கு நல்லது என்று ஒப்பிடலாம். பயிற்சியிலும் ஒளித்த கூற்றிலும் பிழை அதிகமென்றால் பயாஸ். பயிற்சியில் சொற்பமாக இருந்து ஒளித்த கூற்றில் எகிறினால் வேரியன்ஸ்.

இதிலும் வழுக்கி விழலாம். ஹேஸ்டி, டிப்ஷிரானி, ஃப்ரீட்மன் மூவரும் எழுதிய புள்ளியியல் பாடநூலில் ஒரு பரிசோதனை இருக்கிறது. 50 மாதிரிகள், சரிபாதியாக இரண்டு வகை. ஒவ்வொரு மாதிரிக்கும் 5000 அளவீடுகள், அத்தனையும் வகையோடு சம்பந்தமே இல்லாத வெற்று எண்கள். எந்த முறையானாலும் பாதிக்குப் பாதிதான் சரியாகச் சொல்ல முடியும். ஆனால் முதலில் 50 மாதிரிகளின் விடைகளையும் பார்த்து, அவற்றோடு நன்றாக ஒத்துப்போகும் 100 அளவீடுகளைப் பொறுக்கினார்கள். அதன் பிறகுதான் கிராஸ் வேலிடேஷன். கிடைத்த பிழை, சராசரியாக வெறும் 3 சதவீதம்!

5000 வெற்று எண்களில் சில, தற்செயலாக விடையோடு ஒத்துப்போகத்தான் செய்யும். அவற்றைப் பொறுக்கியபோதே, பின்னால் ஒளிக்கப்போகும் கூற்றின் விடையும் கசிந்துவிட்டது. கூறு போட்டு ஒரு கூற்றை ஒளித்துவைத்த பிறகு, மிச்சமிருப்பதை மட்டும் பார்த்து, ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக அந்த நூறைப் பொறுக்க வேண்டும். அப்படிச் செய்தால் பிழை பழையபடி 50 சதவீதத்தை ஒட்டி வந்து நிற்கிறது.