லாரி கேட்டுக்கு வந்துவிட்டால் போதுமா?

கோவைப் பட்டறைகளில் இயந்திர ஆர்டருக்கு விலை கொடுக்கும்போது ‘எஃப்.ஓ.ஆர். உங்கள் சைட்’ என்று எழுதுவது வழக்கம். லாரி வாடகை விற்பவருடையது என்பது அதிலிருந்து தெளிவாகத் தெரியும். லாரியிலிருந்து சரக்கை இறக்குவது யார் என்பது தெரியாது. ஏற்றுமதி வணிகத்தில் இதற்கு விதி இருக்கிறது. இன்கோடெர்ம்ஸ் 2020-இன்படி டி.ஏ.பி. என்றால் வாங்குபவர் இறக்கிக்கொள்ள வேண்டும், டி.பி.யு. என்றால் விற்பவரே இறக்கிக் கொடுக்க வேண்டும். உள்ளூர் ஆர்டரில் இதை நாமே கேட்டு எழுதி வாங்கினால்தான் உண்டு.

ஓர் அனுப்புதலை எடுத்துக்கொண்டு நடந்து பார்ப்போம். கோவையில் ஒரு பட்டறை, உதிரிபாகங்களைக் கழுவும் இயந்திரம் ஒன்றைச் செய்து முடித்திருக்கிறது. எடை 2,800 கிலோ, நீளம் மூன்று மீட்டர், அகலம் 1.6 மீட்டர். போக வேண்டிய இடம் ஒரகடத்தில் உள்ள ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலை; தூரம் சுமார் 480 கிலோமீட்டர். வெள்ளி மாலை ஏற்றிவிட்டார்கள். கொள்முதல் அதிகாரியிடம் போனில் கேட்டபோது, “அனுப்புங்க, எங்ககிட்ட ஃபோர்க்லிஃப்ட் இருக்கு” என்று சொல்லியிருந்தார்.

லாரி சனிக்கிழமை மதியம் ஒன்றரைக்குப் போய்ச் சேர்கிறது. தொழிற்சாலை மூன்று ஷிஃப்டும் ஓடுகிறது, கேட்டில் காவலர் இருக்கிறார். ஆனால் சரக்கு வாங்கும் ஸ்டோர்ஸுக்கு சனிக்கிழமை அரை நாள்தான். கேட் திறந்திருக்கும் நேரமும் சரக்கு வாங்கும் நேரமும் ஒன்றல்ல. பல ஆலைகளில் வேலை நாளிலும் பிற்பகலில் ஒரு நேரத்துக்குப் பிறகு வரும் லாரிக்கு மறுநாள்தான் என்ட்ரி. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஆட்கள் கூட்டமாக நடப்பதால் லாரியை உள்ளே நகர விடமாட்டார்கள். மாதக் கடைசியில் சரக்கிருப்பு எண்ணும் நாளில் எதையும் வாங்காத ஸ்டோர்ஸும் உண்டு. அதனால் “எத்தனை மணிக்கு கேட் திறக்கும்?” என்று கேட்பது வீண். “எத்தனை மணிக்குள் வந்தால் அன்றே இறக்குவீர்கள்?” என்று கேட்க வேண்டும்.

திங்கள் காலை லாரி உள்ளே போகிறது. ஃபோர்க்லிஃப்ட் வருகிறது, மூன்று டன் வண்டி. இயந்திரம் 2.8 டன்தானே என்று முட்களை உள்ளே விட்டுத் தூக்கினால், பின்சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்க்கிறது. ஓட்டுநர் அனுபவசாலி, உடனே இறக்கி வைத்துவிடுகிறார்.

காரணம் எளிது. மூன்று டன் என்று வண்டியின் தகட்டில் பொறித்திருப்பது, சுமையின் எடை மையம் முட்களின் அடியிலிருந்து 500 மில்லிமீட்டர் தூரத்துக்குள் இருந்தால் மட்டும்தான். தண்ணீர்க் குடத்தை இடுப்போடு அணைத்துத் தூக்குவதற்கும் கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. நம் இயந்திரத்தின் அகலம் 1.6 மீட்டர். பக்கவாட்டில் முள் விட்டால் எடை மையம் 800 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். அந்தத் தூரத்தில் இதே வண்டியின் திறன் தோராயமாக 2,300 கிலோவுக்கு இறங்கிவிடும். ஐந்நூறு கிலோ குறைகிறது. இதற்கு ஐந்து டன் ஃபோர்க்லிஃப்ட் வேண்டும், அல்லது கிரேன் வேண்டும்.

வாங்குபவர் பொய் சொல்லவில்லை. அவரிடம் ஃபோர்க்லிஃப்ட் இருக்கத்தான் செய்கிறது. எடையையும் அளவையும், எடை மையம் எங்கே என்பதையும் பட்டறை முன்கூட்டியே கொடுத்து, “இதைத் தூக்குமா?” என்று கேட்டிருக்க வேண்டும். கழுவும் இயந்திரத்தில் தொட்டியும் பம்பும் ஒரே பக்கம் இருந்தால் மையம் நடுவில் இராது. அந்த இடத்தைப் பெயின்டில் குறியிட்டு, எங்கே முள் விடலாம், எங்கே பெல்ட் போடலாம் என்று படம் எடுத்து அனுப்புவது பட்டறையின் வேலை.

எந்த லாரி என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. மழைக்குப் பயந்து மூடிய கன்டெய்னர் லாரியில் ஏற்றினால் கிரேனால் மேலிருந்து தூக்க முடியாது. பின்கதவு வழியாகத்தான் எடுக்க வேண்டும். அதற்கு லாரித் தளத்தின் உயரத்துக்குச் சமமான மேடை இருக்க வேண்டும். திறந்த லாரியில் தார்ப்பாய் போட்டு அனுப்பினால் பக்கப் பலகையை இறக்கிவிட்டு எந்த வழியிலும் எடுக்கலாம். கனமான ஒற்றை இயந்திரத்துக்கு நான் எப்போதும் திறந்த லாரியையே சொல்வேன்.

திங்கள் மதியம் வெளியிலிருந்து ஒரு ஹைட்ரா கிரேனை வாடகைக்கு வரவழைக்கிறார்கள். கேட்டிலேயே நிறுத்திவிடுகிறார் பாதுகாப்பு அதிகாரி. தூக்கும் இயந்திரத்தையும் சங்கிலி, கயிறு, கொக்கி ஆகியவற்றையும் தகுதி பெற்றவரிடம் 12 மாதத்துக்கு ஒரு முறையாவது சோதித்திருக்க வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் இருந்த விதி. வந்த கிரேனிடம் சான்றிதழ் கையில் இல்லை. லாரியில் வந்த உதவியாள் ரப்பர் செருப்பு போட்டிருப்பதால் அவரையும் உள்ளே விடவில்லை. அதிகாரி செய்தது சரி. ஒரு பெல்ட் அறுந்தால் கீழே நிற்பது இந்த உதவியாள்தான். கிரேன், பெல்ட், ஷேக்கிள் சான்றிதழ்கள், பாதுகாப்பு ஷூ, ஹெல்மெட், ஒளிரும் ஜாக்கெட், ஓட்டுநர் உரிமம், வண்டியின் தகுதிச் சான்று, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று ஆகியவற்றில் எதெது வேண்டும் என்பதை லாரி கிளம்பும் முன்பே கேட்டு வாங்கலாம். எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை போன்ற இடமாக இருந்தால் புகைபோக்கியில் தீப்பொறி தடுப்பான் மாட்டாமல் லாரி உள்ளே போகவே முடியாது.

இதற்குள் இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது. சாதாரணச் சரக்குக்கு இ-வே பில், ஒவ்வொரு 200 கிலோமீட்டருக்கும் ஒரு நாள் செல்லும். 480 கிலோமீட்டருக்கு மூன்று நாள். வெள்ளி மாலை எடுத்த பில்லின் முதல் நாள் சனி நள்ளிரவில் முடியும். மூன்றாம் நாள் திங்கள் நள்ளிரவோடு முடிந்துவிடும். காலாவதிக்கு எட்டு மணி நேரம் முன்பிலிருந்து எட்டு மணி நேரம் பின்பு வரைதான் நீட்டிக்க முடியும். செவ்வாய் காலை எட்டு மணிக்குள் யாராவது கவனித்தால் தப்பிக்கலாம். கேட்டில் நிற்கும் லாரி வந்து சேர்ந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள் என்பதால், இது பெரும்பாலும் கண்ணில் படாமலே போகும்.

இத்தனையும் ஒரே இடத்திலிருந்து வருகிறது: பேச வேண்டிய ஆளிடம் பேசவில்லை. கொள்முதல் அதிகாரி நல்லவர்தான், ஆனால் அவர் சென்னை அலுவலகத்தில் இருக்கிறார். சரக்கை வாங்குபவர் ஸ்டோர்ஸ் பொறுப்பாளர். அவர் பெயர், கைபேசி எண், அவர் லீவில் இருந்தால் அடுத்தவர் எண், பாதுகாப்பு அதிகாரியின் எண் ஆகிய நான்கும் டெலிவரி சலானிலேயே இருக்க வேண்டும். ஏற்றுவதற்கு இரண்டு நாள் முன்பு பேச்சு இப்படி இருந்தால் போதும்:

“சார், மெஷின் 2,800 கிலோ, அகலம் 1.6 மீட்டர். படம் அனுப்பியிருக்கேன். உங்க ஃபோர்க்லிஃப்ட் எத்தனை டன்?”

“மூணு டன்தான். இதுக்குப் பத்தாதுங்க. எங்க கான்ட்ராக்ட் கிரேனைச் சொல்லி வைக்கிறேன். அவங்களுக்கு கேட் பாஸ் ஏற்கெனவே இருக்கு.”

“கிரேன் வாடகை யாருதுங்க?”

“எங்களுது. மெயில்ல போட்டுடுங்க.”

“சனிக்கிழமை மதியம் வரலாமா?”

“வேண்டாம், திங்கள் காலைல பத்து மணிக்குள்ள வாங்க. வண்டி நம்பர் ஞாயித்துக்கிழமையே செக்யூரிட்டிக்கு வேணும்.”

இந்தப் பேச்சுக்குப் பிறகு பட்டறை ஞாயிறு மதியம் இ-வே பில் எடுத்து லாரியைக் கிளப்பும். பேசியதை அப்படியே மெயிலில் எழுதி, “மாற்றம் இருந்தால் சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்” என்று முடிக்க வேண்டும். கிரேன் வாடகை அவர்களுடையது என்ற வரி அதில் கட்டாயம் இருக்கட்டும்.

ஓட்டுநரிடமும் ஒன்று சொல்லி அனுப்ப வேண்டும். கேட்டுக்கு வந்த நேரத்தையும், இறக்கி முடித்து வெளியே போன நேரத்தையும் எல்.ஆர். நகலில் எழுதி, ஸ்டோர்ஸ் முத்திரையோடு கையெழுத்து வாங்கி வர வேண்டும். லாரி காத்துக் கிடந்தால் வரும் ஹால்டிங் தொகையை யார் கொடுப்பது என்று பின்னால் பேச்சு வரும்போது, இரண்டு தரப்பும் ஒப்புக்கொள்ளும் சாட்சி அந்தத் தாள்தான்.