லஸ்ஸியில் இருக்கும் சர்க்கரை எவ்வளவு?

சித்திரை பிறந்துவிட்டால் வெம்பாக்கம், செய்யாறு, ஆரணிப் பக்கத்தில் காலையிலேயே வெயில் சுடத் தொடங்கிவிடும். தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்து பட்டு நெய்பவர் எழுந்ததும் தேடுவது குளிர்ச்சியாக ஒரு டம்ளர். முன்பெல்லாம் அது உப்புப் போட்ட நீர்மோர். இப்போது கடைகளின் குளிர்பெட்டியில் மோர்ப் பாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே லஸ்ஸி, மாம்பழ லஸ்ஸி, ஸ்ட்ராபெர்ரி மணம் சேர்த்த யோகர்ட் பானம் எல்லாம் இருக்கின்றன. ‘எல்லாம் தயிர்தானே, கோலாவைவிட நல்லது’ என்று பிள்ளைகளுக்கும் வாங்கிக் கொடுக்கிறோம். இந்த நம்பிக்கையில் பாதிதான் சரி.

வீட்டில் செய்வதையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாலில் இயல்பாகவே லாக்டோஸ் என்ற சர்க்கரை உண்டு. உறை ஊற்றியதும் அதில் ஒரு பங்கை நுண்ணுயிரிகள் தின்று புளிப்பாக்கிவிடும். மிஞ்சுவது 100 கிராம் தயிருக்கு ஏறக்குறைய 4 கிராம். 50 கிராம் தயிரில் 150 மில்லி தண்ணீர் விட்டுக் கடைந்தால் ஒரு டம்ளர் மோர் கிடைக்கும். அதில் சர்க்கரை 2 கிராம்தான். லஸ்ஸிக்கு 150 கிராம் தயிர், கொஞ்சம் தண்ணீர், நான்கு தேக்கரண்டி சர்க்கரை என்று வைத்துக்கொள்வோம். தயிரில் இருப்பது 6 கிராம், நாம் போட்டது சுமார் 20 கிராம், ஆக மொத்தம் 26 கிராம். அதே தயிர்தான், ஒரு டம்ளருக்கு ஒரு டம்ளர் என்று பார்த்தால் பதின்மூன்று மடங்கு.

இவ்வளவு சர்க்கரை எதற்கு? புளிப்பு இனிப்பை அமுக்கும். ஐஸ் போட்டாலும் நாக்குக்கு இனிப்பு குறைவாகவே தெரியும். அதனால் காப்பியில் திகட்டுகிற அளவு சர்க்கரை, குளிர்ந்த லஸ்ஸியில் சாதாரணமாகத் தோன்றும். தயிர் எவ்வளவு புளித்திருக்கிறதோ அவ்வளவு சர்க்கரை கேட்கும். வீட்டில் லஸ்ஸி செய்பவர்கள் அன்று உறைந்த, புளிக்காத தயிரை எடுத்து, ஐஸைக் குறைத்தால் பாதிச் சர்க்கரையே போதும்.

பாக்கெட்டில் வருவதை அதன் முதுகில் அச்சிட்ட அட்டவணைதான் சொல்ல வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, ‘மொத்தச் சர்க்கரை’, ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை’ என இரண்டு வரிகள் அதில் இருக்க வேண்டும். முதல் வரியில் லாக்டோஸும் அடங்கும். எதுவும் சேர்க்காத மோரிலும் அங்கே ஓர் எண் இருக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது இரண்டாவது வரி.

ஒரு லஸ்ஸிப் பாக்கெட்டில் 100 மில்லிக்கு மொத்தச் சர்க்கரை 13 கிராம், சேர்க்கப்பட்டது 9.5 கிராம் என்று போட்டிருப்பதாகக் கொள்வோம். 200 மில்லியைக் குடித்தால் சேர்த்த சர்க்கரை மட்டும் 19 கிராம் உள்ளே போகிறது. கோலாவில் அதே அளவுக்குச் சுமார் 21 கிராம். லஸ்ஸியில் புரதமும் கால்சியமும் கூடவே கிடைக்கின்றன, கோலாவில் அவை இல்லை. ஆனால் சேர்த்த சர்க்கரையில் இரண்டும் அண்டை வீட்டுக்காரர்கள்தாம்.

அதே அட்டவணையில் ஒரு நாள் தேவையில் எத்தனை சதவீதம் என்றும் போட்டிருப்பார்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்தச் சதவீதம் ஒரு நாளைக்கு 50 கிராம் சேர்த்த சர்க்கரை என்ற கணக்கில் வருவது. நம் 19 கிராம் அதில் 38 சதவீதம். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு நாள் ஆற்றலில் 5 சதவீதத்துக்குள் சர்க்கரையை நிறுத்தினால் இன்னும் நல்லது என்கிறது. அது சுமார் 25 கிராம். அப்படிப் பார்த்தால் ஒரே பாக்கெட்டில் முக்கால் பங்கு முடிந்துவிடுகிறது. காலையும் மாலையும் சர்க்கரை போட்ட டீ குடிக்கிறவருக்கு மிச்சம் ஏது? ‘ஒரு முறை பரிமாறும் அளவு’ 100 மில்லி என்று போட்டுவிட்டால், அச்சிடும் சதவீதமும் பாதியாகிவிடும். பாக்கெட்டை யாரும் பாதியில் வைப்பதில்லை.

மோரிலும் கவனிக்க ஒன்று உண்டு, உப்பு. ஒரு டம்ளரில் ஒரு கிராம் உப்புப் போட்டால் 400 மில்லிகிராம் சோடியம் சேரும். அது ஒரு நாள் வரம்பான 2,000 மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு. வெயிலில் வியர்வை கொட்ட உழைப்பவருக்கு இது பெரிதல்ல. ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர் நாள் முழுக்கக் குடித்தால் பெரிதுதான். அவர்கள் உப்பைக் குறைத்து, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயத்தால் ருசி ஏற்றிக்கொள்ளலாம்.

தாகத்துக்கு மோர் குடியுங்கள். லஸ்ஸியை இனிப்புப் பண்டமாக எண்ணி, ஜிலேபி வாங்குவதுபோல எப்போதாவது வாங்குங்கள். வாங்கும்போது லஸ்ஸியில் சேர்க்கப்பட்ட சர்க்கரை வரியையும், மோரில் சோடியம் வரியையும் படித்து, பாக்கெட்டின் முழு அளவுக்குப் பெருக்கிப் பாருங்கள்.