சம்பளத்தில் முந்த முடியாத சிறு நிறுவனம் எதைச் சொல்லி ஆள் எடுப்பது?

வேலைக்குச் சேருவதாகச் சொல்லிவிட்டுப் போன பையன் குறித்த தேதியில் வரவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு வாட்ஸ்அப் செய்தி: ‘சார், பெரிய கம்பெனியில் ஐயாயிரம் கூடக் கிடைத்திருக்கிறது.’ கோவையிலும் ஓசூரிலும் சிறு பட்டறை நடத்தும் முதலாளிகளுக்கு இது பழகிப்போன அனுபவம். அந்த ஐயாயிரத்தைத் தாங்களும் சேர்த்துக் கொடுக்கலாமே என்றால், ஒருவருக்குக் கூட்டினால் ஏற்கெனவே இருக்கும் இருபது பேருக்கும் கூட்ட வேண்டும். பீஸ் கணக்கில் வாங்கும் ஆர்டரில் அதற்கு இடமில்லை.

ஒரு நிறுவனம் தன் பொருளுக்குப் பெயர் வாங்குவதுபோல, வேலை செய்ய ஏற்ற இடம் என்றும் பெயர் வாங்கலாம். இந்த எண்ணத்துக்கு ‘எம்ப்ளாயர் பிராண்ட்’ என்ற பெயரை வைத்து, 1996-ல் ஆய்விதழ் ஒன்றில் விளக்கி எழுதியவர்கள் பிரிட்டனைச் சேர்ந்த டிம் ஆம்ப்ளரும் சைமன் பாரோவும். ஒரு வேலை மூன்று வகையில் பயன் தருகிறது என்றார்கள் அவர்கள். கைக்கு வரும் பணம் ஒன்று. வேலையில் கிடைக்கும் பயிற்சியும் வளர்ச்சியும் இன்னொன்று. ‘இந்த இடத்தைச் சேர்ந்தவன்’ என்ற மனநிறைவு மூன்றாவது. முதலாவதில் சிறு நிறுவனம் பெரும்பாலும் தோற்கும். மற்ற இரண்டில் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வதும், அது யாருக்குப் பயன்படும் என்று கண்டுபிடிப்பதும்தான் செய்ய வேண்டிய வேலை.

‘யாருக்கு’ என்ற கேள்விக்கு நம் ஊரிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. இன்று உலகம் முழுக்கத் தெரிந்த ஜோஹோ, 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியது. பெரிய கல்லூரிகளின் கேம்பஸ் தேர்வில் மற்றவர்களோடு போட்டி போடுவதற்குப் பதிலாக, மற்றவர்கள் தேடாத இடத்தில் ஆள் தேடியது. பிளஸ் டூவும் டிப்ளமாவும் முடித்தவர்களை 2005 வாக்கில் தானே எடுத்துப் பயிற்றுவிக்கத் தொடங்கியது. முதல் அணியில் 6 மாணவர்கள். கட்டணம் கிடையாது, படிக்கும்போதே மாத உதவித்தொகை உண்டு. கல்லூரிக்குப் பணம் கட்ட முடியாத ஒரு வீட்டுப் பிள்ளைக்கு அப்படிப்பட்ட அழைப்பு வேறு எங்கிருந்தும் வந்திருக்காது. 2011-ல் தென்காசிப் பக்கம் அலுவலகம் திறந்ததும் இதே வழிதான்: ஊரை விட்டுப் போக விரும்பாத இளைஞர்களைத் தேடி வேலையே ஊருக்குப் போனது.

பள்ளிக்கூடம் நடத்தும் வசதி எல்லோருக்கும் இல்லை. ஆனால் அதே கணக்கை இருபத்தைந்து பேர் வேலை செய்யும் இடத்திலும் போட்டுப் பார்க்கலாம். கோவை குறிச்சி சிட்கோ பக்கம் ஒரு சிஎன்சி பட்டறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆறு மெஷின்கள், பம்ப் உதிரிபாகமும் வால்வு பாகமும் ஜாப் ஒர்க். மெக்கானிக்கல் டிப்ளமா முடித்தவருக்குக் கையில் 17,000 ரூபாய் கொடுக்க முடிகிறது. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் இருக்கும் ஒரு பெரிய தொழிற்சாலை 22,000 தருகிறது என்று கொள்வோம்.

பட்டறை உரிமையாளர் முதலில் உட்கார்ந்து பேச வேண்டியது ஏற்கெனவே மூன்று நான்கு வருடமாகத் தங்கியிருப்பவர்களிடம். ‘ஏன் இங்கேயே இருக்கிறீர்கள்?’ என்று நேராகக் கேட்டால் முதலாளி முகத்துக்கு நேரே நல்லதைத்தான் சொல்வார்கள். ‘வேறு இடத்திலிருந்து கூப்பிட்டார்களா? அப்போது எதை யோசித்துப் போகாமல் இருந்தீர்கள்?’ என்று கேட்டால் உண்மை வெளிவரும். இப்படிப்பட்ட பட்டறைகளில் வழக்கமாக இரண்டு பதில்கள் வரும்.

முதலாவது வேலையின் தன்மை. பெரிய தொழிற்சாலைக்குப் போகும் டிப்ளமாக்காரர்களில் பலர் அப்ரன்டிஸாகவோ ஒப்பந்தத்திலோதான் சேருகிறார்கள். ஒரே மெஷின் முன்னால் நின்று ஒரே பாகத்தை ஏற்றி இறக்குவதிலேயே வருடம் போய்விடும். ஒப்பந்தம் முடிந்ததும் வெளியே வர வேண்டியிருக்கலாம். சிறு பட்டறையிலோ இன்றைக்கு ஒரு டிராயிங், நாளைக்கு இன்னொன்று. ஜாப் மாறும்போதெல்லாம் ஃபிக்ஸ்சர் மாற்றி, டூல் ஆஃப்செட் போட்டு, முதல் பீஸை மைக்ரோமீட்டரில் பார்த்து ஓகே வாங்க வேண்டும். ஆப்பரேட்டராக வந்தவர் செட்டராகி, பிறகு புரோகிராம் எழுதுபவராக மாறும் வழி அங்கே சுருக்கமானது. செட்டிங் தெரிந்தவருக்குச் சந்தையில் விலை வேறு.

இரண்டாவது, வீட்டுக் கணக்கு. ஒரகடத்தில் அறை பகிர்வுக்கு 3,000, தொழிற்சாலை கேன்டீனில் சாப்பிடாத வேளைகளுக்கு 2,000, மாதம் ஒருமுறை ஊருக்கு வந்து போக 1,000 என்று வைத்தால் 22,000-ல் மிஞ்சுவது 16,000. வீட்டிலிருந்து டூவீலரில் பட்டறைக்கு வருபவருக்குப் பெட்ரோலுக்கு 1,000 போனாலும் 17,000-ல் அதே 16,000 நிற்கும். ஆனால் இந்தக் கணக்கு பதினைந்து கிலோமீட்டருக்குள் வீடு இருப்பவருக்கு மட்டுமே செல்லும். விழுப்புரத்திலிருந்து வருபவர் கோவையிலும் அறை எடுக்க வேண்டும். அவருக்குக் குறிச்சிப் பட்டறை வெறும் குறைந்த சம்பளம்தான். ஆகவே மாநிலம் முழுக்கத் தெரியும் வேலைவாய்ப்புத் தளத்தில் காசு கட்டி விளம்பரம் செய்வதைவிட, சுற்றுவட்டாரப் பாலிடெக்னிக், ஐடிஐ ஆசிரியர்களை நேரில் போய்ப் பார்ப்பது இந்தப் பட்டறைக்குப் பொருந்தும்.

இனி விளம்பரம். பட்டறை வாசலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் வழக்கமாகத் தென்படுவது இப்படி இருக்கும்: ‘சிஎன்சி ஆப்பரேட்டர் தேவை. அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை. தகுதிக்கேற்ற சம்பளம். உடனே தொடர்பு கொள்ளவும்.’ இதில் அந்தப் பட்டறையைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. சம்பளத்தை மறைத்திருப்பதால் குறைவாகத்தான் இருக்கும் என்று படிப்பவரே முடிவுகட்டிவிடுவார். மாற்றி எழுதினால்:

‘குறிச்சி சிட்கோவில் 25 பேர் வேலை செய்யும் பட்டறை. மெக்கானிக்கல் டிப்ளமா முடித்தவர்கள் தேவை. கையில் 17,000, பிஎஃப், இஎஸ்ஐ தனி. 7-ம் தேதிக்குள் வங்கியில் சம்பளம். முதல் ஆறு மாதம் ஆப்பரேட்டர் வேலை, அதன்பின் மூத்த செட்டரிடம் செட்டிங் பயிற்சி. செட்டிங் தேறியதும் 3,000 உயர்வு. சனிக்கிழமை வேலை உண்டு. இரவு ஷிப்ட் மாதத்தில் ஒரு வாரம்.’

பிஎஃப், இஎஸ்ஐ என்பது சலுகை அல்ல, சட்டம். 20 பேர் இருந்தால் பிஎஃப் கட்டாயம். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் இஎஸ்ஐக்குள் வருவார்கள். ஆனாலும் ‘சின்னக் கம்பெனியில் இதெல்லாம் இருக்காது’ என்று பெற்றோர் நினைப்பதால் அதை எழுத வேண்டியிருக்கிறது. வீட்டுக்கடனோ வண்டிக்கடனோ கேட்டால் வங்கி முதலில் பார்ப்பது சம்பளச் சீட்டை. கையில் ரொக்கமாகச் சம்பளம் கொடுக்கும் இடத்துக்குப் பிள்ளையை அனுப்பத் தயங்குவது நியாயமான தயக்கம்.

சனிக்கிழமையையும் இரவு ஷிப்டையும் ஏன் விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும்? சொன்னால் வருகிற நாலு பேரும் ஓடிவிட மாட்டார்களா? அமெரிக்க ஆய்வாளர் ஜான் வானஸ் 1970-களின் தொடக்கத்தில் தொலைபேசி ஆபரேட்டர் வேலைக்கு வந்தவர்களிடம் இதைச் சோதித்தார். ஒரு பிரிவினருக்கு வேலையின் நல்ல பக்கத்தை மட்டும் காட்டும் படம். இன்னொரு பிரிவினருக்கு ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது, மேற்பார்வை கடுமையாக இருப்பது போன்றவற்றையும் காட்டும் படம். இரண்டு பிரிவிலும் வேலையை ஏற்றுக்கொண்டவர்களின் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. சேர்ந்த பிறகு, உண்மையைப் பார்த்தவர்களிடம் வேலையை விட்டுவிடலாமா என்ற எண்ணம் குறைவாக இருந்தது.

பட்டறையில் இதற்குப் படம் எடுக்கத் தேவையில்லை. நேர்காணலுக்கு வருபவரை அரை நாள் மெஷின் பக்கத்தில் நிற்க வைத்தால் போதும். கூலன்ட் வாடை, மே மாத வெக்கை, எட்டு மணி நேரம் நின்றே வேலை செய்வது எல்லாம் அவருக்கே தெரிந்துவிடும். மதியம் முதலாளி இல்லாமல் ஆப்பரேட்டர்களோடு சாப்பிட விட வேண்டும். சம்பளம் தேதிக்கு வருகிறதா, ஓவர்டைமுக்குக் காசு உண்டா என்பதை அவர் கேட்டுத் தெரிந்துகொள்வது அங்கேதான்.

சொன்னது நடக்காவிட்டால் இத்தனையும் எதிராகத் திரும்பும். ஆறு மாதத்தில் செட்டிங் என்று சொல்லிவிட்டு, ஆர்டர் நெருக்கடியில் அவரைப் பதினெட்டு மாதம் லோடிங்கிலேயே வைத்திருந்தால், அவர் போவதோடு தன் கல்லூரி வாட்ஸ்அப் குழுவிலும் சொல்லிவிட்டுப் போவார். மென்பொருள், அலுவலக வேலைகளில் ஆம்பிஷன்பாக்ஸ், கிளாஸ்டோர் தளங்களில் அது எழுத்தாகவே நிற்கும். ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்று சொல்லி ஓவர்டைமை இலவசமாக வாங்குவதும், அசல் சான்றிதழைப் பிடித்துவைப்பதும் பல வருடம் அழியாத கெட்ட பெயரைத் தரும்.

பணத்திலும் சிறிய நிறுவனம் வேறு வடிவத்தில் வாக்குக் கொடுக்க முடியும். கோவையின் மென்பொருள் நிறுவனமான கோவை.கோ, மூன்று வருடம் தங்கி வேலை செய்பவர்களுக்கு ஆண்டுச் சம்பளத்தில் பாதியைப் போனஸாகத் தருவதாக 2022-ல் அறிவித்தது. 2025-ல் சொன்னபடி வழங்கத் தொடங்கியது. சுமார் 140 பேருக்கு 14 கோடி ரூபாய் என்று செய்தி வந்தபோது நாடு முழுக்கப் பேசப்பட்டது. மூன்று வருடத்துக்கு முன் சொன்ன தொகை அப்படியே கைக்கு வந்ததுதான் அதைச் செய்தியாக்கியது. குறிச்சிப் பட்டறை அதே முறையில் இரண்டு வருடம் முடித்தவருக்கு ஒரு மாதச் சம்பளம் என்று எழுதிக் கொடுக்கலாம். அதற்கான பணத்தை மாதாமாதம் தனிக்கணக்கில் ஒதுக்கிவைப்பது அவசியம்; இல்லையென்றால் ஆர்டர் குறைந்த மாதத்தில் வாக்குத் தவறும்.

இதற்கெல்லாம் ஓர் எல்லை உண்டு. பக்கத்துப் பட்டறையே இதே வேலைக்கு 20,000 தருகிறது என்றால், வீட்டுக்கு அருகில் என்ற வாதமும் செட்டிங் பயிற்சி என்ற வாதமும் அங்கேயும் பொருந்தும். அப்போது சம்பளத்தைத்தான் கூட்ட வேண்டும். பெரிய தொழிற்சாலையோடு உள்ள வித்தியாசத்தை இந்த முறைகளால் சமாளிக்கலாம். உள்ளூர்ச் சம்பளத்துக்கும் கீழே இருப்பதைச் சமாளிக்க முடியாது.

பலன் கிடைக்கிறதா என்று பார்க்க ஒரு நோட்டில் மூன்று பத்திகள் போதும். வேலை உறுதி செய்தவர்களில் எத்தனை பேர் வந்து சேர்ந்தார்கள், சேர்ந்தவர்களில் எத்தனை பேர் மூன்று மாதத்துக்குள் போனார்கள், புதிதாக வந்தவர்களில் எத்தனை பேரை இங்கே இருப்பவர்களே அழைத்து வந்தார்கள். முதல் பத்தி சரியில்லை என்றால் கோளாறு விளம்பரத்திலோ தேடும் இடத்திலோ இருக்கிறது. இரண்டாவது சரியில்லை என்றால் நேர்காணலில் எதையோ மறைத்திருக்கிறோம், அல்லது ஷாப் ஃப்ளோரில் சூப்பர்வைசர் நடத்தும் விதத்தைப் பார்க்க வேண்டும். மூன்றாவது பத்தி காலியாகவே கிடந்தால், அடுத்த விளம்பரத்தை எழுதும் முன் பழைய ஆட்களிடம் மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும். தம்பியையோ பக்கத்து வீட்டுப் பையனையோ இங்கே சேர்த்துவிட ஏன் யோசிக்கிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.