சட்டக் குறிப்பும் வாக்கிய முடிவும்

மண்டைதீவுக்கு விடுமுறையில் வந்திருந்த சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர் தம் குறிப்பேட்டை என்னிடம் காட்டினார். சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு பற்றிய அத்தியாயம் அதில் ஒரே வரியாகச் சுருங்கியிருந்தது: 'திருத்தம் - மூன்றிலிரண்டு - சபாநாயகர் சான்று.' பார்வைக்கு அழகிய குறிப்பு. சட்டம் மாத்திரம் அதில் இல்லை.

தமிழ் வாக்கியத்தில் நிபந்தனையும் மறுப்பும் இறுதியிலேயே வருவன. 'இன்றி', 'ஒழிய', 'செல்லாது' என்பவற்றை வெட்டினால் விதியே வெட்டுண்டு போகும். ஆதலின் பெயர்ச்சொற்களை நிரைப்படுத்தாது, ஒவ்வொரு குறிப்பையும் வினைமுற்றுடன் முடித்தல் வேண்டும்.

இரணசிங்க வழக்கை எடுத்துக்கொள்வோம். 1958 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தின்படி, இலஞ்ச நியாயசபைக்கான குழுவினரை நீதியமைச்சரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமித்தார். அரசியலமைப்பின் 55 ஆம் பிரிவோ நீதித்துறை அலுவலரை நியமிக்கும் அதிகாரத்தை நீதிச் சேவை ஆணைக்குழுவுக்கு அளித்திருந்தது. இம்முரணை நீக்கச் சபாநாயகரின் சான்று வேண்டியிருந்தது. மசோதாவில் அது இருக்கவில்லை. அந்நியமனங்கள் செல்லா என 1964 இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது.

இதனை மாணவர் இவ்வாறு எழுதலாம்:

• சபையின் மொத்த உறுப்பினரில், வராதோரும் உட்பட, மூன்றிலிரண்டு பங்கினர் ஆதரித்தனர் எனச் சபாநாயகர் சான்றளித்தாலன்றி, அரசியலமைப்பைத் திருத்தும் மசோதாவை முடியரசின் இசைவுக்குச் சமர்ப்பிக்க முடியாது.
• சான்றின்றி அரசியலமைப்புக்கு முரணாக இயற்றிய ஏற்பாடு, சாதாரண பெரும்பான்மையால் நிறைவேறியிருப்பினும் செல்லாது.

'வராதோரும் உட்பட' என்பதை மிகையெனக் கருதி நீக்குவோர் பலர். அக்காலத்துச் சபையில் 101 உறுப்பினர் இருந்தனர். தேவையான வாக்குகள் 68. தொண்ணூறு பேர் வந்து 62 பேர் ஆதரித்தால், வந்தோரில் மூன்றிலிரண்டுக்கு அது மேற்பட்டதே, ஆயினும் போதாது. வினாத்தாளில் எண்களைக் கொடுத்து வினவினால், அவ்விரு சொற்களை விட்டவர் தவறான விடையையே எழுதுவர்.

இன்னொரு பிழையும் உண்டு. 29 (2) இலுள்ள சமய, சமூகப் பாதுகாப்புகள் மாற்றவொண்ணாதவை என்ற கருத்தும் இத்தீர்ப்பில் இடம்பெற்றது. ஆனால் வழக்கின் முடிவுக்கு அது தேவைப்படவில்லை. எனவே அதனைத் தீர்ப்பின் விதியுடன் சேர்க்காது, 'பக்கக் கூற்று' எனத் தனியே குறித்தல் தகும்.

அம்மாணவரின் ஏட்டில் ஆண்டுகளும் இல்லை. 29 ஆம் பிரிவு 1972 இல் ஒழிந்தது. 1978 அரசியலமைப்பிலும் மொத்த உறுப்பினரில் மூன்றிலிரண்டு என்ற கணக்கு உண்டு. 225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில் அது 150. ஆனால் 80 (3) ஆம் உறுப்புரைப்படி, சான்று பெற்றுச் சட்டமான பின்னர் அதன் செல்லுபடியை நீதிமன்றம் ஆராயலாகாது. மசோதாவாக இருக்கும்போதே உயர் நீதிமன்றத்தை நாடவேண்டும். ஆகவே மூன்றாவது குறிப்பாக இதனைச் சேர்க்குமாறு கூறினேன்: 'இரணசிங்க வழக்கில் நிறைவேறிய சட்டத்தை எதிர்த்த வழி, 1978 அரசியலமைப்பின்கீழ் இயற்றப்படும் சட்டங்களுக்கு இல்லை.'