நிழல் எழுதும் தீர்ப்பு

கொலைகாரன் யார் என்பதைக் கடைசிவரை மறைத்து வைப்பதுதான் குற்றக்கதையின் பொது வழக்கம். 1944-இல் வெளியான 'டபுள் இண்டெம்னிட்டி' என்ற ஹாலிவுட் படம் இந்த வழக்கத்தைத் தொடக்கத்திலேயே கைவிடுகிறது. நள்ளிரவு கடந்த நேரத்தில், லாஸ் ஏஞ்சலீஸ் தெருக்களில் ஒரு கார் தாறுமாறாகப் பாய்ந்து வருகிறது. தோளில் குண்டு பாய்ந்த ஒருவன் காப்பீட்டு அலுவலகத்துக்குள் நுழைந்து, டிக்டாஃபோன் என்னும் ஒலிப்பதிவுக் கருவியின் முன் அமர்கிறான். கொலை செய்தவன் தானே என்றும், பணத்துக்காகவும் ஒரு பெண்ணுக்காகவும் செய்ததாகவும், இறுதியில் இரண்டுமே கிட்டவில்லை என்றும் சொல்லிவிடுகிறான். படம் தொடங்கிச் சில நிமிடங்களே ஆகியிருக்கின்றன. இனித் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? இருந்தும் நூறு நிமிடங்களுக்கு மேல் நாம் கண் இமைக்காமல் பார்க்கிறோம். அது எப்படி நிகழ்கிறது என்பதே 'ஃபிலிம் நுவார்' என்ற படவகையின் அடிப்படைக் கேள்வி.

'கறுப்புப் படம்' என்று பொருள்படும் அந்தப் பிரெஞ்சுச் சொல்லை ஹாலிவுட்காரர்கள் சூட்டிக்கொள்ளவில்லை. போர்க்காலத்தில் பிரான்சுக்கு வராதிருந்த அமெரிக்கப் படங்கள் 1946-இல் பாரிஸ் திரையரங்குகளில் ஒருசேர வெளியாயின. அவற்றில் சில குற்றப்படங்களுக்குப் பொதுவாக இருந்த இருண்ட மனப்பாங்கைக் கண்ட நினோ ஃபிராங்க் என்ற விமர்சகர் அப்பெயரை வழங்கினார். அவர் கருத்தில் கொண்ட படங்களுள் 'டபுள் இண்டெம்னிட்டி'யும் ஒன்று. ஜேம்ஸ் எம். கெய்னின் குறுநாவலைத் தழுவி, எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லருடன் சேர்ந்து திரைக்கதை அமைத்து இயக்கியவர் பில்லி வைல்டர். பெர்லினில் திரைத்தொழில் பழகி, ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறியவர் அவர்.

கதை எளிமையானது. வால்டர் நெஃப் ஒரு காப்பீட்டு முகவர். வாகனக் காப்பீட்டைப் புதுப்பிக்க டீட்ரிக்சன் என்பவரின் வீட்டுக்குச் செல்கிறான். அங்கே அவருடைய மனைவி ஃபில்லிஸைச் சந்திக்கிறான். கணவருக்குத் தெரியாமல் அவர்மீது விபத்துக் காப்பீடு எடுக்க முடியுமா என்று அவள் கேட்கிறாள். அதன் உட்பொருள் நெஃபுக்கு உடனே புரிகிறது, வெளியேறுகிறான், ஆனால் பிறகு உடன்படுகிறான். காப்பீட்டுத் தொகை 50,000 டாலர். ரயில் விபத்து போன்ற அரிய விபத்துகளில் இறந்தால் இருமடங்கு, அதாவது ஒரு லட்சம் டாலர். படத்தின் தலைப்பு குறிப்பது இந்த விதியைத்தான். கால் முறிந்து ஊன்றுகோலுடன் இருக்கும் கணவரைக் காரிலேயே கொன்று, அவரைப்போல் வேடமிட்டு நெஃப் ரயில் ஏறுகிறான். மெதுவாகச் செல்லும் ரயிலின் பின்புறத்திலிருந்து குதிக்கிறான். உடலைத் தண்டவாளத்தில் கிடத்திவிட்டு இருவரும் அகல்கிறார்கள்.

முதலில் ஒளியமைப்பைப் பார்ப்போம். அந்நாளைய படப்பிடிப்பில் நடிகர்மீது விழும் முதன்மை விளக்கு ஒன்று. அதனால் உண்டாகும் நிழலை மென்மையாக்கும் நிரப்பு விளக்கு இன்னொன்று. உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்டும் பின்விளக்கு மற்றொன்று. நிரப்பு விளக்கைக் குறைத்தாலோ அணைத்தாலோ நிழல்கள் கெட்டியாகின்றன. முகத்தின் ஒரு பாதி இருளில் மறைகிறது. ஒளிப்பதிவாளர் ஜான் சைட்ஸ் இந்த உத்தியை இரவுக் காட்சிகளோடு நிறுத்தவில்லை என்பதே கவனிக்க வேண்டியது. நெஃப் முதன்முதலாக டீட்ரிக்சன் வீட்டுக்கு வருவது கலிஃபோர்னியாவின் பட்டப்பகலில். வெளியே கண்கூசும் வெயில். உள்ளே புழுக்கமான அரையிருள். ஜன்னலில் தொங்கும் கிடைமட்டப் பட்டைத் திரையின் இடுக்குகள் வழியே நுழையும் வெளிச்சம் சுவரிலும், தரையிலும், நெஃபின் உடையிலும் வரிவரியாக விழுகிறது. அந்த ஒளிக்கற்றைகளில் தூசி மிதப்பது தெரிவதற்காக நுண்ணிய உலோகத் துகள்களைக் காற்றில் தூவிப் படமெடுத்திருக்கிறார்கள்.

அந்த வரிகளைச் சிறைக்கம்பிகள் என்று எல்லாரும் சொல்வதுண்டு. அது சரியே. ஆனால் அவை எப்போது விழுகின்றன என்பதே முக்கியம். அப்போது கொலை நடக்கவில்லை. கொலை பற்றிய பேச்சுகூட எழவில்லை. தவறு செய்வதற்கு முன்பே மனிதன்மீது தண்டனை எழுதப்பட்டுவிட்டது போன்ற உணர்வை அந்த நிழல் தருகிறது. வெறும் அச்சமூட்ட வேண்டுமெனில் கொலைக்குப் பிறகு இருட்டைக் கூட்டியிருந்தால் போதும்.

நிழல் இடத்தில் செய்வதைப் பின்னணிக் குரல் காலத்தில் செய்கிறது. நெஃபின் வாக்குமூலம் முழுதும் இறந்த காலத்தில் அமைந்தது. திரையில் அவன் ஃபில்லிஸைப் பார்த்துப் புன்னகைக்கும்போது, அதை நமக்கு விவரிக்கும் குரல் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும் நெஃபுடையது. ஒரே மனிதன் இரண்டு காலங்களில் நம்முன் நிற்கிறான்: ஒருவனுக்கு எதுவும் தெரியாது, மற்றவனுக்கு எல்லாம் தெரியும், ஆனால் எதையும் மாற்ற முடியாது. கொலை முடிந்து எல்லாம் திட்டப்படி நிறைவேறிய இரவில், தெருவில் நடந்துபோன தனக்குத் தன் காலடி ஓசையே கேட்கவில்லை என்கிறது அக்குரல். இறந்தவனின் நடை அது என்று தோன்றியதாம். திட்டம் வென்ற அதே கணத்தில் தோல்வி அறிவிக்கப்படுகிறது.

இதன் விளைவைப் படத்தின் புகழ்பெற்ற ஒரு காட்சியில் சோதித்துப் பார்க்கலாம். உடலைத் தண்டவாளத்தில் கிடத்திவிட்டுக் காருக்குத் திரும்புகிறார்கள். ஃபில்லிஸ் சாவியைத் திருகுகிறாள். எஞ்சின் உயிர் பெறவில்லை. மறுபடியும் திருகுகிறாள், இல்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். பிறகு நெஃப் முயல, கார் கிளம்புகிறது. அன்று அவர்கள் பிடிபடவில்லை என்பது நமக்கு முன்பே தெரியும். பிடிபட்டிருந்தால் அவன் அலுவலகத்தில் உட்கார்ந்து பேச முடியாதே. ஆயினும் மூச்சு முட்டுகிறது. அதைவிட வியப்பு, கார் கிளம்ப வேண்டும் என்று கொலைகாரர்களுக்காக நாம் வேண்டுகிறோம். குரல் நம்மை ஏற்கெனவே அவனுடைய தரப்பில் உட்கார வைத்துவிட்டது.

விதி என்ற சொல்லுக்கு இப்படத்தில் இன்னொரு முகமும் உண்டு. நெஃபின் சக ஊழியரும் நண்பருமான கீய்ஸ், உரிமைக்கோரல்களில் பொய்யைக் கண்டுபிடிக்கும் அதிகாரி. டீட்ரிக்சன் தற்கொலை செய்துகொண்டார் என்று சொல்லிப் பணம் தர மறுக்கப் பார்க்கிறார் நிறுவனத் தலைவர். கீய்ஸ் குறுக்கிடுகிறார். தற்கொலைகளை இனம், தொழில், பால், பருவம், முறை என்று வகை பிரித்த அட்டவணைகள் காப்பீட்டுத் துறையில் உண்டு. ஆனால் மெதுவாக ஓடும் ரயிலின் பின்புறத்திலிருந்து குதித்துத் தற்கொலை செய்தவர் என ஒருவர்கூட அவற்றில் இல்லை என்கிறார். பொருளியல் பயின்றவர்களுக்கு இது சுவையான இடம். தனிமனிதனின் சாவை யாராலும் கணிக்க முடியாது. பல்லாயிரம் பேரின் சாவைக் கணிக்கலாம். காப்பீட்டுத் தொழில் நிற்பது அந்த அடித்தளத்தில்தான். பழைய துன்பியல் நாடகங்களில் தெய்வவாக்கு இருந்த இடத்தில் இங்கே நிகழ்தகவு அட்டவணை வந்து அமர்கிறது.

உண்மை வெளிப்படுவதும் இவ்வழியில்தான். கால் முறிந்தபோது விபத்துக் காப்பீடு வைத்திருந்த மனிதர் ஏன் அதற்கு இழப்பீடு கோரவில்லை என்ற கேள்வி கீய்ஸை உறுத்துகிறது. தமக்குக் காப்பீடு இருப்பதே அவருக்குத் தெரியாது என்பதுதான் விடை. வேறொரு தாள் என்று நம்பவைத்து அவரிடம் கையொப்பம் வாங்கியதே நெஃபின் திட்டத்தின் முதல் படி. அதுவே அதன் முதல் விரிசலும் ஆகிறது. சேர்ந்து கொலை செய்த இருவரும் ஒரே டிராம் வண்டியில் ஏறியவர்கள், இடையில் ஒருவர் மட்டும் இறங்க முடியாது, கடைசி நிறுத்தம் கல்லறை என்று கீய்ஸ் கூறுகிறார். எதிரில் இருப்பவன் அந்த வண்டியின் பயணி என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

மூன்றாவது கூறு 'ஃபெம் ஃபத்தால்', அதாவது ஆணை அழிவுக்கு இழுத்துச் செல்லும் கவர்ச்சிப் பெண். பார்பரா ஸ்டான்விக் நடித்த ஃபில்லிஸ் இவ்வகைப் பாத்திரங்களின் இலக்கணமாகவே கருதப்படுகிறாள். அவள் மாடிப்படியில் இறங்கி வரும்போது காமிரா காட்டுவது முகத்தை அல்ல. கணுக்காலில் மின்னும் சங்கிலியை. கொலைக் காட்சியிலும் காமிரா கொலையைக் காட்டவில்லை. காரோட்டும் அவளுடைய சலனமற்ற முகத்தையே காட்டுகிறது. அவளுடைய பொன்னிறப் பொய்முடி மலிவாகத் தெரியும்படி வேண்டுமென்றே தேர்ந்தெடுக்கப்பட்டது. பார்த்த கணத்திலேயே போலி என்று தெரியும் ஒன்றுக்கு நெஃப் மயங்குகிறான் என்பதே அதன் உட்குறிப்பு.

ஆனால் அவள்தான் அவனைக் கெடுத்தாளா? நாம் ஃபில்லிஸைக் காண்பது நெஃபின் வாக்குமூலத்தின் வழியாக மட்டுமே என்பதை மறந்துவிடக் கூடாது. அதே வாக்குமூலத்தில் அவன் இன்னொன்றையும் சொல்கிறான்: அவளைச் சந்திப்பதற்கு நெடுநாள் முன்பே, நிறுவனத்தை ஏமாற்றுவது எப்படி என்று தான் யோசித்து வந்ததுண்டு, சூதாட்டச் சக்கரத்தைச் சுழற்றும் ஊழியனுக்கு அதன் நுணுக்கம் தெரிவதுபோல் தனக்கும் தெரியும், ஒரு தூண்டுதல்தான் தேவைப்பட்டது. ஆக, விருப்பம் அவனுடையது, திட்டம் அவனுடையது, பெண் வந்தது பிறகு. ஆண் தன் தேர்வை விதி என்று பெயர் மாற்றிச் சொல்வதற்குத் தேவைப்படும் உருவமே ஃபெம் ஃபத்தால்.

இந்த ஊழ்வினை உணர்வுக்கு மண்ணுலகக் காரணம் ஒன்றும் உண்டு. 1934 முதல் கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்ட ஹாலிவுட் தணிக்கை விதிகளின்படி, திரையில் குற்றவாளி தப்பக் கூடாது. இக்கதையைப் படமாக்க 1930-களில் எழுந்த முயற்சி தணிக்கை அலுவலகத்தின் எதிர்ப்பால் நின்றுபோனது. அதாவது, நெஃபின் முடிவு கதை எழுதப்படுவதற்கு முன்பே விதிக்கப்பட்டிருந்தது. வைல்டரின் திறமை, அந்தக் கட்டாயத்தையே படத்தின் உணர்வாக மாற்றியதில் இருக்கிறது. முடிவு மாறாது என்றால், அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, மனிதன் அதை நோக்கி நடந்துபோவதைக் காட்டலாம் அல்லவா?

இறுதியில் நெஃப் நச்சுவாயு அறையில் மரண தண்டனை பெறும் காட்சியை வைல்டர் படமாக்கினார், பிறகு நீக்கிவிட்டார். படம் முழுவதும் கீய்ஸின் சுருட்டுக்கு நெஃப்தான் தீக்குச்சி உரசித் தருவான். கடைசியில் எல்லைக்குத் தப்பிவிட எழுந்து, அலுவலக வாசலைக்கூடத் தாண்ட முடியாமல் சரிந்துவிழும் அவனுடைய சிகரெட்டுக்குக் கீய்ஸ் நெருப்பு வைக்கிறார். தண்டனைக் காட்சி தேவையில்லை என்று வைல்டர் கருதியதில் வியப்பில்லை. முதல் காட்சியின் குரலிலும், பட்டப்பகலில் அவன் உடைமீது விழுந்த கம்பி நிழலிலும் அந்தத் தீர்ப்பு முன்பே வாசிக்கப்பட்டுவிட்டது.