பூக்கல்லின் வயதை எது சொல்லும்?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில், இடித்த செட்டிநாட்டு வீடுகளிலிருந்து பெயர்த்தெடுத்த பூக்கற்களும் விலைக்கு வருகின்றன. எந்தக் கல்லைக் காட்டிக் கேட்டாலும் "நூறு வருஷத்துக்கு மேல இருக்குமுங்க" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். சில கற்களுக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். எந்தக் கல்லுக்கு என்பதைக் கல்லைப் பார்த்தே ஓரளவு கணிக்க முடியும்.

முதலில் கண்ணில் படுவது பூ வேலைப்பாடு. ஆனால் அதை நம்பி வயது சொல்வதுதான் பெரிய ஆபத்து. உலோகத் தகடுகளை வளைத்துச் செய்த அச்சுச் சட்டத்தின் ஒவ்வொரு அறையிலும் ஒரு நிறச் சிமெண்ட் குழம்பை ஊற்றித்தான் பூ வருகிறது. அந்தச் சட்டம் எளிதில் தேயாது. தாத்தா வாங்கிய அச்சில் பேரனும் கல் வார்ப்பார். ஆத்தங்குடியில் பழைய பூக்களை இன்றும் வார்க்கிறார்கள். ஆகவே, ஒரு பூ எப்போது புழக்கத்துக்கு வந்தது என்று தெரிந்தால் 'அதற்கு முந்தையதல்ல' என்று சொல்லலாம். 'அந்தக் காலத்தது' என்று சொல்ல முடியாது.

நிறம் இன்னும் கறாரான சாட்சி. சிவப்பும் மஞ்சளும் இரும்பு ஆக்சைடு. எல்லாக் காலத்துக்கும் பொதுவானவை என்பதால் அவற்றால் பயன் குறைவு. நீலம்தான் வாய் திறக்கும். பழைய கற்களில் நீலம் அரிது. கோபால்ட் நீலம் விலை அதிகம். மலிவான அல்ட்ராமரைன் நீலம் சிமெண்டின் காரத்தில் மெல்ல மங்கிவிடும். 1935இல் தாலோசயனின் என்ற நீலம் இங்கிலாந்தில் சந்தைக்கு வந்தது. பளீரென்ற, மங்காத நீலம் அது. ஒரு கல்லில் அது இருப்பது உறுதியானால், கல் 1935க்கு முந்தையதாக இருக்கவே முடியாது.

கண்ணால் மட்டும் இதை உறுதி செய்ய முடியாது. உடைந்த மூலையிலிருந்து நீலத் துணுக்கு ஒன்றைச் சுரண்டி, கையுறை போட்டு, திறந்த வெளியில் வைத்து, நீர்த்த ஆசிட் ஒரு சொட்டு விடலாம். சிமெண்ட் நுரைக்கும். நீலம் வெளுத்து அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது அல்ட்ராமரைன். நிறம் அப்படியே நின்றால் கோபால்ட் அல்லது தாலோசயனின்; இரண்டில் எது என்பதை ஆய்வகம்தான் சொல்லும். கல்லின் முகத்தில் மட்டும் ஆசிட் படவே கூடாது, பூவே அரிந்துபோகும்.

தடிமனை அளக்கும்போது மொத்தக் கனத்தைவிட உடைந்த விளிம்பையே கவனிக்க வேண்டும். மேலே சில மில்லிமீட்டர் நிறப்படலம், அதற்கடியில் ஈரத்தை உறிஞ்சத் தூவிய உலர்கலவை, அடியில் சாந்து என அடுக்குகள் தெரியும். அழுத்து இயந்திரத்தில் செய்த கல்லின் அடிப்பக்கம் இறுகி, சமமாக இருக்கும். சிலவற்றில் செய்தவர் பெயர்கூடப் பொறித்திருக்கும். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடிமேல் வார்த்துக் கையால் நிரவுவதால், கனம் கல்லுக்குக் கல் மாறும். எனவே கனமான கல் பழையது என்ற பேச்சு செல்லாது. கனம் செய்முறையைக் காட்டுமே தவிர, ஆண்டைக் காட்டாது.

நீள அகலம் கொஞ்சம் உதவும். எட்டு அங்குலக் கல் 203 மில்லிமீட்டர். மெட்ரிக் கல் 200. இந்தியா மெட்ரிக் அளவுக்கு மாறத் தொடங்கியது 1950களின் பிற்பகுதியில். ஆனால் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் 200 மில்லிமீட்டர் கல் அதற்கு வெகு முன்பே இருந்திருக்கலாம்.

ஒரு கல்லை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அகலம் 203 மில்லிமீட்டர். நட்சத்திரப் பூ, நடுவில் பளீர் நீலம். ஆசிட்டில் நீலம் மாறவில்லை; ஆய்வகம் தாலோசயனின் என்கிறது. கனம் ஓரத்தில் 20, நடுவில் 18 மில்லிமீட்டர். தேய்ந்த இடம் வழவழவென்று இருக்கிறது. காலடி பட்டுத் தேய்ந்த தேய்மானம் இது. ஆசிட் ஊற்றிப் பழசாக்கிய கல்லாக இருந்தால் மணல் துருத்திக்கொண்டு சொரசொரவென்று இருக்கும். அடியில் ஒட்டியிருப்பது சுண்ணாம்புச் சாந்து.

கடைக்காரர் நூற்றிருபது வருஷம் என்கிறார். நீலமோ 1935க்குப் பின் என்கிறது. அங்குல அளவும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்ந்து 1960 வாக்கில் மேல் எல்லை போடுகின்றன. அங்குல அச்சு பின்னாலும் ஓடியிருக்கலாம் என்பதால் இந்த எல்லை கீழ் எல்லையைப் போல உறுதியானதல்ல. அந்த நீலம் மட்டும் இல்லையென்றால் கீழ் எல்லையே கிடைத்திருக்காது. நூற்றிருபது என்பதை மறுக்கவும் வழி இருந்திருக்காது. அதனால் நீலம் இல்லாத கல்லை வாங்கும்போது, எந்த வீட்டில், எந்த அறையிலிருந்து பெயர்த்தது என்று கேட்டுக் கல்லின் அடியிலேயே எழுதிவைப்பது நல்லது. வீடு கட்டிய ஆண்டு தெரிந்தால், கணிப்பை அங்கிருந்து தொடங்கலாம்.