பத்து விரலும் ஒரு படமும்

அமெரிக்க விசாவுக்குச் சென்னையில் விண்ணப்பிக்கும் பெரும்பாலோர் இரண்டு இடத்தில் வரிசையில் நிற்க வேண்டும். நேர்காணல் நடப்பது ஜெமினி மேம்பாலத்தை ஒட்டிய துணைத் தூதரகத்தில். அதற்கு முந்தைய ஏதாவது ஒரு நாளில், ஓ.எஃப்.சி. என்ற மையத்துக்குப் போய்க் கைரேகையும் படமும் கொடுத்துவிட வேண்டும்.

ஓ.எஃப்.சி.யில் ‘எதற்குப் போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள்’ என்றெல்லாம் கேட்க மாட்டார்கள். பாஸ்போர்ட், அப்பாயின்ட்மென்ட் கடிதம், DS-160 விண்ணப்பத்தின் உறுதிப் பக்கம் ஆகியவற்றைச் சரிபார்ப்பார்கள். அந்தப் பக்கத்தில் பார்கோடுக்கு அருகே உள்ள எண்ணும், நாள் பதிவு செய்தபோது கொடுத்த எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பிழை கண்டு புதிதாகப் படிவம் நிரப்புகிறவர்கள் பழைய எண்ணை மாற்ற மறந்துவிட்டுத்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கைரேகைக்கு இடக்கையின் நான்கு விரல், வலக்கையின் நான்கு, கடைசியில் இரண்டு கட்டைவிரல். தோல் காய்ந்திருந்தால் ரேகை கண்ணாடியில் முழுதாகப் படியாது, விட்டுவிட்டு விழும். வியர்த்திருந்தால் கோடுகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். பயத்தில் அழுத்தினாலும் அதே கதிதான். வயதானவர்களுக்கும், பாத்திரம் தேய்த்தும் சிமென்ட் பிசைந்தும் ரேகை தேய்ந்தவர்களுக்கும் இரண்டு மூன்று முறை எடுப்பது சகஜம், பதற வேண்டாம். பொதுவாக 14 வயதுக்குக் கீழ், 79 வயதுக்கு மேல் உள்ளவர்களிடம் ரேகை கேட்பதில்லை.

படத்தில் நம் ஊர் ஸ்டூடியோவின் பாசம்தான் பிரச்சினை. முகத்தை வெளுப்பாக்கி, மருவை அழித்துத் தருவார்கள், அது செல்லாது. இரண்டுக்கு இரண்டு அங்குலம், வெள்ளைப் பின்னணி, ஆறு மாதத்துக்குள் எடுத்தது, எந்தத் திருத்தமும் செய்யாதது என்று சொல்லியே எடுக்கச் சொல்லுங்கள். 2016 நவம்பரிலிருந்து கண்ணாடி அணிந்த படத்தையும் ஏற்பதில்லை. செல்ஃபி வேண்டவே வேண்டாம். கிட்டத்தில் எடுத்தால் மூக்கு பெருத்து, காது ஒடுங்கிவிடும்.

மகள் வீட்டுக்குப் போகவிருக்கும் ஓர் அம்மாவை எடுத்துக்கொள்வோம். செவ்வாய் ரேகை, வியாழன் நேர்காணல். ஞாயிறன்று தோசைக்கல்லில் ஆள்காட்டி விரல் சுட்டுக் கொப்புளமாகிவிட்டது. கட்டுப்போட்ட விரலோடு போனால் ரேகை விழாது. வியாழனுக்கு மட்டும் போகலாமா என்றால், ரேகை கொடுக்காமல் நேர்காணல் கிடையாது. அதனால் செவ்வாய்க்கு முன்பே, நாள் பதிவு செய்த தளத்துக்குள் நுழைந்து, புண் ஆறும் தேதியாகப் பார்த்து மாற்றிக்கொள்வதுதான் வழி. ரேகைக்கான நாள் நேர்காணலுக்கு முன்னால் விழுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

2025 ஜனவரி 1 முதல் இந்தியாவில் இப்படி ஒரு முறைதான் இலவசமாக மாற்றலாம். இரண்டாம் முறை மாற்ற நினைத்தாலோ, சொல்லாமல் போகாமலிருந்தாலோ, கட்டணத்தைத் திரும்பவும் கட்டிப் புதிதாகத் தேதி வாங்க வேண்டும். சுற்றுலா விசாவுக்கு அது 185 டாலர். ஆகவே ‘இன்னும் நல்ல தேதி கிடைக்குமா’ என்று பார்ப்பதற்காக அந்த ஒரு வாய்ப்பைச் செலவழித்துவிடாதீர்கள். கொப்புளம் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?